ஃபோர்வர்ட் போட்டு டொலர் வீதத்தைக் கட்டிக்கொள்வது: திருகோணமலை ஏற்றுமதி, இறக்குமதிக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபோர்வர்ட் என்று வங்கியில் சொல்கிறார்களே, அது என்ன?

பின்னால் ஒரு நாளில் இத்தனை டொலரை இந்த வீதத்தில் வாங்குவேன் அல்லது விற்பேன் என்று இன்றைக்கே வங்கியோடு செய்யும் ஒப்பந்தம். அறிக்கைகளில் முன்னோக்கிய ஒப்பந்தம் என்று எழுதுவார்கள், பேச்சில் எல்லோருக்கும் ஃபோர்வர்ட்தான். இன்றைக்குக் காசு கைமாறுவதில்லை. குறித்த நாளில் சந்தை எங்கே நின்றாலும் ஒப்பந்தத்தில் எழுதிய வீதத்தில்தான் கணக்கு முடியும், உங்களுக்கும் அப்படித்தான், வங்கிக்கும் அப்படித்தான்.

இந்தப் பக்கம் முழுக்க இரண்டு வியாபாரத்தை வைத்துச் சொல்கிறோம். ஒருவர் தாய்லாந்திலிருந்து நைலோன் வலை இறக்கி உள்ளூர்க் கடற்றொழிலாளருக்கு விற்பவர். அவர் மூன்று மாதத்தில் 40,000 டொலர் கட்டவேண்டும். மற்றவர் சீனன்குடாப் பக்கம் நண்டு பதப்படுத்திச் சிங்கப்பூருக்கு அனுப்புபவர். அவருக்கு மூன்று மாதத்தில் 25,000 டொலர் வரவேண்டும். வீதங்களெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, நீங்கள் கேட்கும் நாளில் அவை வேறாக இருக்கும்.

இன்றைக்கு டொலர் 300. மூன்று மாதத்துக்கு 303.50 கேட்கிறார்கள். டொலர் ஏறப்போகிறது என்று வங்கிக்குத் தெரியுமா?

தெரியாது. 303.50 என்பது ஆரூடம் இல்லை, வட்டிக் கணக்கு. வலைக்காரருக்கு மூன்று மாதம் கழித்து 40,000 டொலர் தருவதாக ஒப்புக்கொண்ட வங்கி, அந்த டொலரை இன்றைக்கே 300க்கு வாங்கி வைத்துவிட்டால் அதற்கு வீத ஆபத்து இல்லை. ஆனால் வாங்குவதற்கு ரூபா வேண்டும், அந்த ரூபாவுக்கு வட்டி ஓடும். வாங்கிய டொலரை மூன்று மாதம் வைப்பில் போட்டால் அதற்கும் ஒரு வட்டி வரும். ரூபா வட்டி ஆண்டுக்கு 9 வீதம், டொலர் வட்டி 5 வீதம் என்று வைத்துக்கொண்டால், காலாண்டுக்கு ஒன்று 2.25, மற்றது 1.25.

300 × 1.0225 ÷ 1.0125 = 302.96

இதுதான் மூன்று மாத வீதத்தின் அடிப்படை. அதன்மேல் வங்கி தன் இலாபமாக 50 சதமளவு சேர்த்து 303.50 என்கிறது. 300க்கும் 302.96க்கும் உள்ள இடைவெளியைப் பேரம்பேசிக் குறைக்க முடியாது, அது சந்தை வட்டி. பேரம் பேசக்கூடியது அந்த 50 சதத்தில்தான். அதனால் வெறும் 303.50 என்ற எண்ணோடு திரும்பி வராதீர்கள். ஸ்பொட் என்பது இன்றைய வீதம். ‘ஸ்பொட் எவ்வளவு, அதன்மேல் எத்தனை போட்டிருக்கிறீர்கள்’ என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொன்னால்தான் இன்னொரு வங்கியின் விலையோடு ஒப்பிடலாம்.

ஸ்பொட்டையும் கவனிக்கவேண்டும். கிளையின் பலகையில் ஓடும் வீதம் சின்னத் தொகைக்கானது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பல ரூபா இடைவெளி வைத்திருப்பார்கள். 40,000 டொலர் என்றால் முகாமையாளர் கொழும்பிலுள்ள ட்ரெஷரியை, அதாவது வங்கியின் நாணய வியாபாரப் பகுதியை, அழைத்துத் தனி வீதம் வாங்கித் தரலாம். பலகை வீதத்தின்மேல் ஃபோர்வர்ட்டைக் கட்டினால் நீங்கள் முதல் அடியிலேயே இரண்டு மூன்று ரூபா விட்டுவிடுகிறீர்கள்.

வெளியே அனுப்புபவருக்கும் இதே 303.50 கிடைக்குமா?

கிடைக்காது. வங்கி உங்களிடமிருந்து டொலரை வாங்கும் விலை வேறு. வாங்கும் ஸ்பொட் 294 என்றால் அதே வட்டிக் கணக்கில் 296.90 வரும், வங்கி தன் 50 சதத்தைக் கழித்து 296.40 தரும். 25,000 டொலருக்கு 74 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. இன்றைய 294இல் விற்றால் 73 இலட்சத்து 50 ஆயிரம்.

ரூபா வட்டி டொலர் வட்டியைவிடக் கூட இருக்கும்வரை ஃபோர்வர்ட் போடுவது ஏற்றுமதிக்காரருக்கு இலேசான வரவு, இறக்குமதிக்காரருக்கு இலேசான செலவு. இரண்டு வட்டியும் நெருங்கினால் இந்த வித்தியாசமும் சுருங்கிப்போகும்.

கொழும்புக்குப் போகவேண்டுமா? என்னென்ன கடதாசி கேட்பார்கள்?

போகத் தேவையில்லை. உங்கள் கணக்கு இருக்கும் வங்கி வெளிநாட்டுச் செலாவணிக்கு அதிகாரம் பெற்றதாக இருந்தால் திருகோணமலைக் கிளையிலேயே போடலாம். விலையை ட்ரெஷரி சொல்லும், கடதாசியைக் கிளை பார்க்கும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் இது அதிகாரமளிக்கப்பட்ட வணிகர்களின் வேலை. நாணயம் மாற்றும் கடையில் ஃபோர்வர்ட் போட முடியாது.

முதல்முறை போடுமுன் வங்கி உங்களுக்கு ஃபோர்வர்ட் எல்லை ஒன்று ஒதுக்கவேண்டும். கடன் எல்லை மாதிரியே இதையும் பார்ப்பார்கள், ஏனென்றால் நீங்கள் கடைசி நாளில் வராவிட்டால் நட்டம் வங்கியின் தலையில். வியாபாரப் பதிவு, கணக்கறிக்கைகள், கம்பனியாக இருந்தால் பணிப்பாளர் சபைத் தீர்மானம் என்று கேட்பார்கள். எல்லை இல்லாதவரிடம் தொகையில் ஒரு பங்கை வைப்பாக மறித்து வைப்பார்கள். இதற்கு நாள்கள் பிடிக்கும். ஓடர் கொடுத்த பிறகு ஓடாமல், வியாபாரம் தொடங்கும் பருவத்துக்கு முன்னே எல்லையை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பின்னால் உண்மையான சரக்கு இருக்கவேண்டும். வலைக்காரர் புரோபோமா இன்வொய்ஸ் அல்லது எல்சி காட்டுவார், நண்டுக்காரர் வாங்குபவரின் ஓடரைக் காட்டுவார். டொலர் ஏறும் என்ற எண்ணத்தில் மட்டும் ஃபோர்வர்ட் போட வங்கி இடம் கொடுக்காது. ஒரே இன்வொய்ஸைக் காட்டி இரண்டு வங்கியில் போடுவதும் கூடாது.

தொலைபேசியில் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

முடிந்தது. அந்தச் ‘சரி’தான் ஒப்பந்தம், கடதாசி பின்னால் வருவது. சந்தை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ட்ரெஷரி சொன்ன விலை சில வினாடிக்கே நிற்கும். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் விலை போய்விடும், ஆகவே எத்தனை வரை ஏற்பது என்று முதலே முடிவுசெய்துவிட்டு அழையுங்கள்.

பிறகு வரும் உறுதிச்சீட்டை அன்றைக்கே வாசியுங்கள். தொகை, வீதம், முடிவு நாள் மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள். தவறு நடக்கிற இடம் திசை. சீட்டில் ‘விற்பனை’ என்று இருந்தால் யார் விற்பது? அநேகமான சீட்டுகள் வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்படுபவை. வலைக்காரரின் சீட்டில் ‘வங்கி விற்கிறது’ என்று இருக்கவேண்டும், நண்டுக்காரரின் சீட்டில் ‘வங்கி வாங்குகிறது’ என்று இருக்கவேண்டும். திசை மாறி ஏறிய ஒப்பந்தத்தை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் பாதுகாப்பு இருந்த இடத்தில் இரட்டை ஆபத்துத்தான் இருந்திருக்கும்.

முடிவு நாளில் டொலர் 285க்கு இறங்கியிருந்தால் எனக்கு நட்டம்தானே?

வலைக்காரர் 303.50 வீதம் ஒரு கோடி 21 இலட்சத்து 40 ஆயிரம் கட்டுவார். ஃபோர்வர்ட் போடாத பக்கத்துக் கடைக்காரர் 285இல் ஒரு கோடி 14 இலட்சம் கட்டுவார். இடைவெளி 7 இலட்சத்து 40 ஆயிரம், அது வலிக்கத்தான் செய்யும். டொலர் 325க்கு ஏறியிருந்தால் பக்கத்துக் கடைக்காரர் ஒரு கோடி 30 இலட்சம் கட்டியிருப்பார், நம்மவர் அதே ஒரு கோடி 21 இலட்சத்து 40 ஆயிரம்தான்.

இதை அளக்கவேண்டிய இடம் வேறு. வலை இறங்குமுன்னே சம்மாட்டிமாரிடம் விலை பேசி முற்பணம் வாங்கியிருந்தால் விற்பனை விலை ரூபாவில் கட்டுண்டுவிட்டது. அப்போது கொள்விலையும் ரூபாவில் கட்டுண்டிருந்தால்தான் இலாபம் இலாபமாக நிற்கும். அப்படிப்பட்டவர் ஃபோர்வர்ட் போடாமல் இருப்பதுதான் சூது. மாறாக, இறங்கிய பிறகு அன்றைய சந்தை விலைக்கு விற்பவர் என்றால் முழுத் தொகைக்கும் போடுவதில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. டொலர் இறங்கினால் பக்கத்துக் கடைக்காரர் மலிவாக இறக்கி மலிவாக விற்பார், உங்கள் வலை கூடிய விலையில் தேங்கும். 2023 மார்ச்சில் 360ஐ ஒட்டி நின்ற டொலர் சில நாள்களிலேயே 330 அளவுக்கு இறங்கியது. இப்படிச் சந்தை விலைக்கு விற்பவர் பாதிக்கோ மூன்றில் இரண்டுக்கோ போடுவது புத்தி.

இன்னொன்று. ஃபோர்வர்ட் கட்டிவைப்பது வெளிநாட்டில் விற்பவருக்குப் போகும் தொகையை மட்டும். சுங்கத்தீர்வையும் இறக்குமதியில் ஏறும் வரிகளும் சரக்கு இறங்கும் நேரத்தில் சுங்கம் வெளியிட்டிருக்கும் வீதத்தில் கணக்காகும். கொள்விலை முழுக்க 303.50இல் கட்டுண்டது என்று நினைத்து விலை போட்டால் டொலர் ஏறும்போது தீர்வைப் பகுதி கையைக் கடிக்கும்.

எந்த நாளை முடிவு நாளாகப் போடவேண்டும்?

வீதத்தைவிட இதில்தான் ஆள்கள் கூடுதலாக அடிபடுகிறார்கள்.

இன்வொய்ஸில் ‘90 நாள்’ என்று இருந்தால் எதிலிருந்து 90 நாள் என்று பாருங்கள். அநேகமாக அது பில் ஒஃப் லேடிங் திகதியிலிருந்து, அதாவது சரக்கு கப்பலில் ஏறிய நாளிலிருந்து. புரோபோமா வந்த நாளிலிருந்து இல்லை. பெப்ரவரி 10 கப்பல் ஏறும் என்று விற்பவர் சொல்கிறார், 90 நாள் கூட்டினால் மே 11. வலைக்காரர் மே 11க்கு ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். கொண்டெய்னர் பெப்ரவரி 24தான் ஏறுகிறது. கட்டவேண்டிய நாள் மே 25க்குப் போய்விட்டது. மே 11 அன்று வங்கி அழைக்கும், ரூபாவைக் கொண்டுவந்து டொலரை எடுங்கள் என்று. ரூபா இன்னும் கடன்புத்தகத்தில் நிற்கும்.

இதற்கு வழி, ஒரே நாளாகப் போடாமல் ஒரு கால இடைவெளியாகப் போடுவது. மே 11 முதல் மே 31 வரை எந்த நாளிலும் எடுக்கலாம் என்று எழுதிக்கொள்ளலாம். ஒப்ஷன் ஃபோர்வர்ட் என்று வங்கியில் சொல்வார்கள். பெயரில் ஒப்ஷன் இருந்தாலும் எடுக்கலாமா விடலாமா என்ற தெரிவு உங்களுக்கு இல்லை, எடுத்தே ஆகவேண்டும். நாளைத் தெரிவதுதான் உங்கள் உரிமை.

அதற்கு விலை உண்டு. எந்த நாளில் வருவீர்கள் என்று தெரியாததால் வங்கி தனக்குச் சாதகமான ஓரத்தின் வீதத்தைப் போடும். டொலரின் ஃபோர்வர்ட் வீதம் நாளுக்கு நாள் ஏறிப் போகும்போது, வாங்கும் வலைக்காரருக்குக் கடைசி நாளான மே 31இன் வீதம். விற்கும் நண்டுக்காரருக்கு இடைவெளியின் முதல் நாளின் வீதம். மேலே எடுத்த வட்டியில் 20 நாள் என்பது டொலருக்கு 65 சதமளவு, 40,000 டொலருக்கு 26,000 ரூபா. நாள் தவறி ஒப்பந்தத்தை நீட்டப் போனால் வரும் செலவு இதைவிடப் பல மடங்காகலாம், அடுத்த கேள்வியில் அந்தக் கணக்கு இருக்கிறது. கப்பல் திகதி உறுதியாகாதவரை இடைவெளி வைத்துப் போடுங்கள். ஆனால் இரண்டு மாத இடைவெளி கேட்காதீர்கள், அவ்வளவுக்கும் வீதத்தில் பிடித்துவிடுவார்கள்.

முடிவு நாள் வங்கி திறக்கும் நாளாகவும் இருக்கவேண்டும். போயா, வெசாக் விடுமுறையையும், டொலர் என்பதால் அமெரிக்க விடுமுறையையும் நாள்காட்டியில் பாருங்கள். விற்பவரின் கணக்கில் மே 25 காசு விழவேண்டும் என்றால் டொலரை அதற்கு இரண்டு வேலை நாள் முன்னதாக எடுத்து அனுப்பவேண்டும்.

வாங்குபவர் காசை ஒரு மாதம் பிந்தி அனுப்புகிறேன் என்கிறார். என் ஃபோர்வர்ட் நாளை முடிகிறது. என்ன செய்வது?

நாளை வரை காத்திராமல் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். முடிவு நாள் கடந்த ஒப்பந்தத்தை வங்கி தன் விருப்பப்படி மூடிவிடலாம், அப்போது வீதம் பேச உங்களுக்கு இடமில்லை.

நடப்பது இது. நண்டுக்காரர் 25,000 டொலரை 296.40க்கு விற்பதாக ஒப்புக்கொண்டவர். கையில் டொலர் இல்லை. ஆகவே அதே 25,000 டொலரை வங்கியிடமே இன்றைய விலைக்கு வாங்கி, அதை வங்கிக்கே 296.40க்குக் கொடுத்து, பழைய ஒப்பந்தத்தை முடிக்கவேண்டும். பிறகு அடுத்த மாதத்துக்குப் புதிய ஒப்பந்தம் போடவேண்டும். இந்த மூன்றும் கடதாசியில் ஒரே நேரத்தில் நடக்கும். கைமாறுவது வித்தியாசம் மட்டும்.

டொலர் ஏறி, வங்கி 310க்கு விற்கிறது, 306க்கு வாங்குகிறது என்று வைப்போம். 310இல் வாங்கி 296.40இல் கொடுத்தால் டொலருக்கு 13.60 குறையும், 25,000 டொலருக்கு 3 இலட்சத்து 40 ஆயிரம். அதை அவர் இன்றைக்கே காசாகக் கட்டவேண்டும். புதிய ஒரு மாத ஒப்பந்தம் 306இன்மேல் 80 சதம் கூடி 306.80 என்றால், அடுத்த மாதம் அவர் கையில் வருவது 76 இலட்சத்து 70 ஆயிரம். இன்று கட்டியதைக் கழித்தால் 73 இலட்சத்து 30 ஆயிரம், அதாவது டொலருக்கு 293.20. கட்டிவைத்த 296.40 கையில் 293.20ஆக நிற்கிறது.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, அந்த 3 இலட்சத்து 40 ஆயிரத்தில் பெரும்பங்கு தொலைந்த காசு இல்லை, அடுத்த மாதம் கூடிய வீதமாகத் திரும்பி வரும். ஆனால் இன்றைக்கு அது கையில் இருக்கவேண்டும். ஐஸுக்கும் டீசலுக்கும் கூலிக்கும் காசு தேடும் நேரத்தில் மூன்றரை இலட்சம் கேட்டு வங்கி நின்றால் நல்ல வியாபாரமும் தடுமாறும். மற்றது, உண்மையில் தொலைவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள அந்த 4 ரூபா.

அந்த 4 ரூபாவைத் தொலைக்கவும் தேவையில்லை. ‘ஸ்வாப் முறையில் நீட்டித் தாருங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஸ்பொட் போடுங்கள்’ என்று கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நடு விலையான 308 போட்டால் இன்று கட்டுவது 2 இலட்சத்து 90 ஆயிரம், அடுத்த மாத வீதம் 308.80, வரவு 77 இலட்சத்து 20 ஆயிரம். கழித்துப் பார்த்தால் 74 இலட்சத்து 30 ஆயிரம், டொலருக்கு 297.20. அதே நாள், அதே வங்கி, கேட்ட விதத்தில் ஒரு இலட்சம் ரூபா வித்தியாசம். நீங்கள் டொலரை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, முடிவு நாளை மட்டும் தள்ளுகிறீர்கள். ஆகவே இரண்டு விலையும் எடுக்க வங்கிக்குக் காரணம் இல்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் இது நடக்கும்.

சிலர் ‘வித்தியாசம் கட்டாமல் பழைய 296.40ஐயே அடுத்த மாதத்துக்கு எழுதித் தாருங்கள்’ என்பார்கள். அநேகமாக வங்கி மறுக்கும். அது நட்டத்தை மறைத்து வங்கி உங்களுக்குக் கடன் கொடுப்பதற்குச் சமம்.

ஏற்றுமதிக்காரர் இன்னொரு எல்லையையும் மனதில் வைக்கவேண்டும். ஏற்றுமதி வருமானம் சரக்கு அனுப்பி 180 நாளுக்குள் நாட்டுக்குள் வரவேண்டும் என்பது விதி. ஃபோர்வர்ட்டை நீட்டிக்கொண்டே போகலாம் என்றாலும் அந்த நாள் நீளாது.

சரக்கு ஓடரே ரத்தாகிவிட்டது. ஒப்பந்தத்தை விட்டுவிடலாமா?

விட முடியாது, மூடவேண்டும். வலைக்காரர் 303.50இல் வாங்க ஒப்புக்கொண்ட டொலர் இனி அவருக்குத் தேவையில்லை என்றால், வங்கி அன்றைய வாங்கும் விலைக்கு அதைத் திருப்பி எடுக்கும். அந்த விலை 281 என்றால் டொலருக்கு 22.50 குறைவு, 40,000 டொலருக்கு 9 இலட்சம் ரூபா அவர் கட்டவேண்டும், வலை ஒரு கிலோவும் இறங்காமலே. விலை 321 என்றால் 7 இலட்சம் இலாபம். ஆனால் ரத்தில் வரும் இலாபத்தை வாடிக்கையாளருக்குத் தருவதா இல்லையா என்பது ஒவ்வொரு வங்கியின் நிபந்தனையிலும் ஒவ்வொரு மாதிரி. எல்லைக் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் அந்த வரியைத் தேடி வாசியுங்கள்.

கடல் எவ்வளவு நண்டு தரும் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை டொலருக்குப் போடுவது?

எந்த மோசமான மாதத்திலும் குறையாமல் வரும் தொகைக்குப் போடுங்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், சிறு வள்ளங்கள் நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். சித்திரைக்குப் பிறகு வரும் ஏற்றுமதியை வைத்து மார்கழிக்கும் அதே தொகை போட்டால், வராத டொலரைச் சந்தையில் வாங்கிக் கொடுக்கவேண்டி வரும். அது ரத்துக் கணக்கேதான்.

இன்வொய்ஸ் தொகையும் முழுதாக வராது. தரம் குறைவு, நிறை குறைவு என்று வாங்குபவர் பிடிப்பார், நடுவிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழிக்கும். 25,000 என்று எழுதிய இன்வொய்ஸுக்கு 24,300 வந்தால் குறைந்த 700 டொலரை அன்றைய விற்கும் விலையில் வாங்கி நிரப்பவேண்டும். பழைய ஏற்றுமதிகளின் இன்வொய்ஸையும் உண்மையில் கணக்கில் விழுந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கான எண் அதிலிருந்து வரும். பொதுவான வீதம் ஒன்று யாராலும் சொல்ல முடியாது.

மொத்தத் தொகையை ஒரே ஒப்பந்தமாகப் போடாமல் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் ஒன்றாகப் போட்டால் ஒன்று பிந்தினாலும் மற்றவை தப்பும்.

எனக்கு டொலர் வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. அப்போதும் ஃபோர்வர்ட் வேண்டுமா?

இரண்டும் சந்திக்கும் அளவுக்கு வேண்டியதில்லை. நண்டுக்காரர் பொதிசெய்யும் டப்பாக்களை 8,000 டொலருக்கு வெளியிலிருந்து இறக்குகிறார் என்றால், வரும் 25,000இல் 8,000ஐ வியாபார வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்தே கட்டலாம். மீதி 17,000க்கு மட்டும் ஃபோர்வர்ட் போதும். 25,000ஐ ஃபோர்வர்ட்டில் விற்றுவிட்டு 8,000ஐத் திரும்ப வாங்கினால் இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை வீணாகக் கொடுக்கிறீர்கள். ஒன்று கவனம்: ஏற்றுமதி டொலரை எத்தனை நாளுக்குள் ரூபாவாக்கவேண்டும் என்ற விதி அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியது. டொலரைக் கணக்கில் நிறுத்தி வைக்கும் திட்டம் என்றால் நடப்பு விதியைக் கிளையில் எழுத்தில் வாங்குங்கள்.

ஜப்பான் எஞ்சின், விலை யென்னில். டொலர் ஃபோர்வர்ட் போட்டால் போதுமா?

போதாது. ரூபாவுக்கும் டொலருக்கும் இடையிலுள்ள பாதி மட்டும் கட்டுண்டிருக்கும், டொலருக்கும் யென்னுக்கும் இடையிலுள்ள பாதி ஆடிக்கொண்டே இருக்கும். யென்னுக்கு நேராக ஃபோர்வர்ட் கேளுங்கள், வங்கி இரண்டு கணக்கையும் உள்ளே சேர்த்து ஒரே வீதமாகத் தரும். யென் வட்டி டொலர் வட்டியைவிடக் குறைவாக இருக்கும் காலத்தில் ரூபாவோடுள்ள இடைவெளி இன்னும் பெரிது, ஆகவே வீதம் கூடுதலாகத் தோன்றும். அது வங்கி கூட்டி வைத்தது இல்லை.

2022 மாதிரி ஒன்று வந்தால் ஃபோர்வர்ட் காப்பாற்றுமா?

ஒப்பந்தம் கையில் இருக்கும்போது வந்தால், எழுதிய வீதத்துக்கு வங்கி கட்டுப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 அளவில் நின்ற டொலர் மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. அந்த இடைவெளியில் கட்டவேண்டிய 40,000 டொலர் 81 இலட்சத்திலிருந்து ஒரு கோடி 44 இலட்சமானது.

ஆனால் இடர் தெரியத் தொடங்கிய பிறகு ஃபோர்வர்ட் வாங்கப் போனால் கதவு மூடியிருக்கலாம். 2021 ஜனவரி இறுதியில், ரூபா தளம்பிய நேரத்தில், புதிய ஃபோர்வர்ட் ஒப்பந்தங்கள் செய்யவேண்டாமென்று மத்திய வங்கி வங்கிகளை மூன்று மாதத்துக்கு நிறுத்தியது. தடை இல்லாத காலத்திலும், டொலர் கிடைக்காத சந்தையில் வங்கி தன் கையில் டொலர் இல்லாமல் விலை சொல்லாது, சொன்னாலும் வட்டிக் கணக்குக்கு வெகு மேலே சொல்லும்.

5,000 டொலருக்குப் போடுவார்களா?

சட்டம் தடுக்கவில்லை, வங்கிதான் யோசிக்கும். சின்னத் தொகைக்கு ட்ரெஷரி தனி விலை தர விரும்பாது, பலகை வீதத்தின்மேல் கட்டிக் கொடுக்கும். 5,000 டொலருக்கு வீதத்தில் 3 ரூபா விட்டால் 15,000 ரூபா. அதற்குப் பதில் விற்பவரிடம் முன்கூட்டியே கட்டினால் எவ்வளவு கழிவு தருவார் என்று கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் 5,000 வரும் வியாபாரமானால் காலாண்டுத் தொகையாகச் சேர்த்து, மூன்று முடிவு நாள்களோடு ஒரே அழைப்பில் விலை கேளுங்கள். 15,000 டொலர் என்று தொடங்கினால் முகாமையாளர் தொலைபேசியை எடுப்பார்.